ஒப்பந்தப்புள்ளிக்கு யார் ஒப்புக்கொண்டார்? நிலைக்குழுக் கூட்டக் குறிப்பைப் படிக்கும் முறை

உங்கள் தெருவில் மழைநீர் வடிகால் கட்ட ஒரு ஒப்பந்ததாரர் வந்து பள்ளம் தோண்டுகிறார். அவருக்கு அந்த வேலையை யார் கொடுத்தது, போட்டியிட்ட மற்றவர்கள் ஏன் விலக்கப்பட்டார்கள், உங்கள் வார்டு உறுப்பினர் அதற்கு ஒப்புக்கொண்டாரா மறுத்தாரா என்று கேட்டால் பதில் ஒரு நோட்டில் இருக்க வேண்டும். மாநகராட்சி நிலைக்குழுவின் கூட்ட நடவடிக்கைக் குறிப்பு என்பது அதுதான். பல ஊர்களில் அதில் இருப்பது 'அனுமதிக்கப்பட்டது' என்ற ஒற்றை வரி மட்டுமே. அந்த வரிக்குப் பின்னால் என்னென்ன எழுதப்பட்டிருக்க வேண்டும், எழுதாமல் விட்டால் யாருக்கு நஷ்டம் என்பதைப் பார்ப்போம்.

நிலைக்குழு என்பது மாமன்ற உறுப்பினர்களுக்குள்ளிருந்தே தேர்ந்தெடுக்கப்படும் சிறு குழு. சென்னை மாநகராட்சியில் பணிகள், கல்வி, பொது சுகாதாரம், கணக்கு, நகரமைப்பு, வரிவிதிப்பு மற்றும் நிதி என்று தனித்தனி நிலைக்குழுக்கள் உண்டு. எவ்வளவு தொகை வரை ஆணையரே முடிவு செய்யலாம், எதற்கு மேல் நிலைக்குழு, எதற்கு மேல் மாமன்றம் என்பது ஊருக்கு ஊர், சட்டத்துக்குச் சட்டம் மாறும். டெல்லி மாநகராட்சியில் நீண்ட காலம் 5 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட ஒப்பந்தங்கள் நிலைக்குழுவுக்குப் போக வேண்டியிருந்தது. அங்கே 2022 டிசம்பரில் தேர்தல் நடந்தும், அரசியல் தகராறாலும் வழக்குகளாலும் 2025 ஜூனில்தான் நிலைக்குழுவுக்குத் தலைவர் வந்தார். அதுவரை பெரிய ஒப்பந்தங்கள் எந்த வழியாக ஒப்புதல் பெறுவது என்பதே சண்டையாக இருந்தது.

குழுவின் மேசைக்கு வருமுன்

தமிழ்நாட்டில் ஒப்பந்தப்புள்ளிகளுக்கென்று தனிச் சட்டம் இருக்கிறது. 1998-ஆம் ஆண்டின் ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டமும் அதன் கீழ் 2000-இல் வந்த விதிகளும் உள்ளாட்சிகளையும் கட்டுப்படுத்துகின்றன. முதலில் பொறியாளர் மதிப்பீடு தயாரிக்கிறார். பிறகு அறிவிப்பு வெளியாகிறது. 2 கோடி ரூபாய் வரையிலான வேலைக்குக் குறைந்தது 15 நாள், அதற்கு மேல் 30 நாள் அவகாசம் தர வேண்டும். குறைத்தால் மேலதிகாரி காரணம் எழுதி அனுமதித்திருக்க வேண்டும். வந்த புள்ளிகளில் முதலில் தொழில்நுட்ப உறையைத் திறந்து தகுதி பார்ப்பார்கள். தேறியவர்களின் விலை உறைகளை மட்டும் அடுத்துத் திறப்பார்கள். யார் எவ்வளவு கேட்டார் என்பதை வரிசைப்படுத்திய தாளுக்கு ஒப்புநோக்குப் பட்டியல் என்று பெயர். குறைந்த விலை கேட்டவரை அலுவலகத்தில் 'எல்-1' என்றே சொல்வார்கள்.

இவ்வளவும் முடிந்த பிறகுதான் அலுவலகக் குறிப்போடு நிலைக்குழுவின் நிகழ்ச்சி நிரலில் அது ஒரு 'பொருள்' ஆகிறது. குழு செய்யக்கூடியவை சிலவே. எல்-1 புள்ளியை ஏற்கலாம். விலை சந்தை நிலவரத்தையோ அட்டவணை விலையையோ விட அதிகம் என்று கருதினால், அந்த ஒருவரோடு மட்டும் பேசிக் குறைக்கச் சொல்லலாம். காரணம் எழுதி எல்லாவற்றையும் தள்ளிவிட்டு மறு ஒப்பந்தப்புள்ளி கோரலாம். 'இரண்டாவது ஆள் நன்றாக வேலை செய்வார், அவருக்கே கொடுக்கலாம்' என்று சொல்ல முடியாது. அறிவிப்பில் இல்லாத நிபந்தனையைத் திறந்த பிறகு புதிதாகச் சேர்க்கவும் முடியாது. உறுப்பினரின் நிலைப்பாட்டைப் படிக்கும்போது இந்த எல்லையை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். அதற்குள் நின்று பேசிய ஆட்சேபணைக்குத்தான் பலம் உண்டு.

ஒரு பொருளைக் கையில் எடுத்துப் பார்ப்போம்

விளக்கத்துக்காக ஒரு மாநகராட்சியைக் கற்பனை செய்துகொள்வோம். அதன் பணிகள் நிலைக்குழுவில் 9 பேர். பொருள் எண் 14, 22-ஆவது வார்டில் மழைநீர் வடிகால். மதிப்பீடு 85 லட்சம் ரூபாய். நான்கு புள்ளிகள் வந்தன. கடந்த 5 ஆண்டுகளில் 40 லட்சம் ரூபாய்க்குக் குறையாத ஒரு வடிகால் வேலையாவது முடித்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. நான்காவது நிறுவனம் வைத்திருந்த சான்றிதழ் ஒரு நடைபாதை வேலைக்கு உரியது. அதனால் அது தகுதியிழந்தது, அதன் விலை உறை திறக்கப்படவில்லை. மற்ற மூவரும் கேட்டது மதிப்பீட்டைவிட 9, 11, 14 சதவீதம் கூடுதல். எல்-1 கேட்ட தொகை 92,65,000 ரூபாய். பேச்சுவார்த்தையில் அது 89,25,000 ஆகக் குறைந்தது. மதிப்பீட்டுக்கு மேல் 5 சதவீதம், முதலில் கேட்டதைவிட 3,40,000 ரூபாய் குறைவு.

கூட்டத்துக்கு 7 பேர் வந்தார்கள். விவாதம் முக்கால் மணி நேரம் நடந்தது. நோட்டில் இப்படி எழுதினார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்:

'பொருள் எண் 14: அலுவலகக் குறிப்பு பரிசீலிக்கப்பட்டது. உறுப்பினர்கள் விவாதித்தனர். ஒருமனதாக அனுமதிக்கப்பட்டது.'

இதில் தொகை இல்லை, யார் எல்-1 என்று இல்லை, நான்காவது நிறுவனம் ஏன் வெளியே போனது என்று இல்லை. விவாதித்தார்கள் என்று இருக்கிறது, என்ன விவாதித்தார்கள் என்று இல்லை. அதே கூட்டத்தை ஒழுங்காக எழுதினால் இப்படி இருக்கும்:

'பொருள் எண் 14: மதிப்பீடு ரூ.85,00,000. பெறப்பட்ட புள்ளிகள் 4. தகுதியிழந்தது 1 (நிபந்தனை 6-இன்படி வடிகால் பணி அனுபவச் சான்று இல்லை). எல்-1 புள்ளி ரூ.92,65,000, பேச்சுவார்த்தைக்குப் பின் ரூ.89,25,000. ஒப்புநோக்குப் பட்டியல் இணைப்பில்.

31-ஆவது வார்டு உறுப்பினர்: எல்-1 நிறுவனத்தின் பங்குதாரர் தன் மைத்துனர் என்று தெரிவித்து, விவாதத்துக்கு முன் அவையிலிருந்து விலகினார்.

7-ஆவது வார்டு உறுப்பினர்: எதிர்ப்பு. சென்ற கூட்டத்தின் பொருள் எண் 9-இல் நான்காவது நிறுவனத்தின் இதே சான்றிதழ் ஏற்கப்பட்டது, இப்போது மறுப்பது முரண் என்றும், மறு ஒப்பந்தப்புள்ளி கோர வேண்டும் என்றும் தெரிவித்தார். செயற்பொறியாளர் பதில்: பொருள் எண் 9 நடைபாதைப் பணி, அதற்கு நிபந்தனை வேறு.

18-ஆவது வார்டு உறுப்பினர்: நடுநிலை. ஒப்புநோக்குப் பட்டியல் கூட்டத்தில்தான் தரப்பட்டது, படிக்க நேரம் இல்லை என்று தெரிவித்தார்.

3, 11, 22, 40-ஆவது வார்டு உறுப்பினர்கள்: ஆதரவு. 22-ஆவது வார்டு உறுப்பினர், வடிகாலின் கடைமட்டத்தை வேலை தொடங்குமுன் சரிபார்க்கக் கோரினார்.

வராதவர்கள்: 5, 27-ஆவது வார்டு உறுப்பினர்கள். முடிவு: 4 ஆதரவு, 1 எதிர்ப்பு, 1 நடுநிலை. பெரும்பான்மையால் ஏற்கப்பட்டது.'

ஒரு பக்கம் கூட வராது. ஆனால் படிப்பவருக்குக் கூட்டம் முழுவதும் தெரிகிறது. 7-ஆவது வார்டு உறுப்பினர் எழுப்பியது நல்ல கேள்வி. பொறியாளரின் பதில் சரியா என்று பொருள் எண் 9-இன் அறிவிப்பை எடுத்து யாரும் சோதித்துவிடலாம். 22-ஆவது வார்டு உறுப்பினரின் கோரிக்கை ஒப்பந்தத்தில் புதிய நிபந்தனையாகச் சேராது, பொறியாளருக்கான வேண்டுகோளாக நிற்கும். எழுத்தர் அதைச் சரியாகவே 'கோரினார்' என்று எழுதியிருக்கிறார்.

ஒவ்வொரு நிலைப்பாட்டுக்கும் என்ன பலன்?

எதிர்ப்புப் பதிவானதால் வேலை நிற்காது. பெரும்பான்மை முடிவே குழுவின் முடிவு. பதிவான எதிர்ப்பு பயன்படுவது பின்னால்தான். தணிக்கையில் இந்த ஒப்பந்தத்தால் மாநகராட்சிக்கு இழப்பு என்று எழுதினால், அடுத்த கேள்வி அந்தச் செலவுக்கு யார் ஒப்புதல் தந்தார் என்பது. பெயரும் காரணமும் நோட்டில் இருந்தால் மறுத்தவர் மறுத்தவராகவே நிற்பார். 'ஒருமனதாக' என்று இருந்தால் மறுத்தவரும் ஒப்புதல் தந்தவர் கணக்கில்தான் சேர்வார்.

நடுநிலைக்கும் காரணம் வேண்டும். 18-ஆவது வார்டு உறுப்பினர் சொன்னது நிர்வாகத்தின் மீது ஒரு குறை: பட்டியலை முன்கூட்டித் தரவில்லை. அது எழுதப்படாமல் 'நடுநிலை' என்று மட்டும் இருந்தால், அவருக்கு அக்கறை இல்லை என்றுதான் பிறகு படிப்பவர் எண்ணுவார். ஒவ்வொரு கூட்டத்திலும் யாராவது இதே குறையைச் சொல்லியிருந்தால், காகிதங்கள் வேண்டுமென்றே தாமதமாகத் தரப்படுகின்றனவா என்று கேட்க அந்த நோட்டே சான்று.

விலகல் தனி வகை. மாநகராட்சியோடு செய்யும் ஒப்பந்தத்தில் உறுப்பினருக்கே பங்கு இருந்தால் பதவி பறிபோகும் அளவுக்குச் சட்டம் கடுமையானது. உறவினருக்குப் பங்கு இருந்தால் அதைச் சொல்லிவிட்டு எழுந்து போவதே முறை. குறிப்பில் கவனிக்க வேண்டியது அவர் எப்போது எழுந்தார் என்பது. விவாதம் முடிந்து, கருத்துச் சொல்லிவிட்டு, வாக்கெடுப்புக்கு மட்டும் வெளியே போனால் விலகலுக்குப் பொருளே இல்லை. 'விவாதத்துக்கு முன்' என்ற இரண்டு சொற்கள் அதனால்தான் அந்தப் பதிவில் முக்கியம்.

வெளிநடப்பு நம் ஊர்களில் அடிக்கடி நடப்பது. எதிர்க்கட்சி உறுப்பினர்கள் கோஷமிட்டபடி வெளியே போகிறார்கள், மறுநாள் செய்தித்தாளில் படமும் வருகிறது. கூட்ட அறையில் நடப்பது வேறு. அவர்கள் போன பின் வாக்கெடுக்கப்படுகிறது. உள்ளே இருப்பவர்கள் எல்லோரும் ஆதரவு. நோட்டில் சட்டப்படியே 'ஒருமனதாக' என்று ஏறிவிடுகிறது. வெளியே போகுமுன் 'பொருள் எண் 14-ஐ இந்தக் காரணத்தால் எதிர்க்கிறேன், பதிவு செய்யுங்கள்' என்று சொல்லி, எழுத்து மூலமும் ஒரு தாளைத் தலைவரிடம் கொடுத்துவிட்டுப் போனால் அந்த நிலை வராது. இதைச் செய்யாத வெளிநடப்பு, எதிர்க்க வந்தவர் எதிர்ப்பையே எடுத்துக்கொண்டு போனதாகத்தான் முடியும். மக்கள் வாக்குப் போட்டு அனுப்பிய உறுப்பினர்கள் இதை அறியாமல் இருப்பது வருத்தமான விஷயம்.

காரணம் அன்றே எழுதப்பட வேண்டும்

நீதிமன்றங்கள் ஒப்பந்த விஷயத்தில் 'இந்த ஆள் நல்லவர், அந்த ஆள் மோசம்' என்று தேர்வுக்குள் போவதில்லை. 1994-இல் டாடா செல்லுலார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இதுதான்: முடிவெடுத்த முறை சரியா என்று பார்ப்போம், முடிவைப் போய் நாங்கள் எடுக்க மாட்டோம். முடிவெடுத்த முறைக்குச் சான்று இந்தக் கூட்டக் குறிப்பு. அதற்கு முன்பே 1977-இல் மொகிந்தர் சிங் கில் வழக்கில் இன்னொரு விதி நிலைபெற்றது. சட்டப்படியான அதிகாரி ஓர் ஆணை போட்டால் அதில் எழுதிய காரணங்களைக் கொண்டே அது சரியா தவறா என்று பார்க்கப்படும். வழக்கு வந்த பிறகு பிரமாணப் பத்திரத்தில் புதுக் காரணங்களைச் சேர்த்து அதைக் காப்பாற்ற முடியாது.

நம் பொருள் எண் 14-இல் நான்காவது நிறுவனம் வழக்குப் போட்டால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். 'நிபந்தனை 6-இன்படி அனுபவச் சான்று இல்லை' என்று இருந்தால் மாநகராட்சிக்கு நிற்க ஓர் இடம் இருக்கிறது. வெறும் 'அனுமதிக்கப்பட்டது' என்றிருந்தால் பொறியாளர் பிறகு என்ன விளக்கினாலும் அது பின்னால் தேடிய காரணம் போலவே தோன்றும். ஆகவே முழுமையான குறிப்பு ஒப்புதல் தந்தவர்களையும் காக்கிறது. பாதிக்கப்பட்ட போட்டியாளர் ஏற்பு ஆணை கிடைத்த 10 நாளுக்குள் அரசிடம் மேல்முறையீடு செய்யச் சட்டம் வழி வைத்திருக்கிறது. அவர் எதை எதிர்த்து முறையிடுவது என்பதும் எழுதிய காரணத்தைப் பொறுத்ததுதான்.

எங்கே தவறும், எப்படிக் கண்டுபிடிப்பது?

முதல் அடையாளம் 'ஆல் பாஸ்'. ஐம்பது அறுபது பொருள்களை வைத்துக்கொண்டு தலைவர் ஒரு தடவை கேட்பார், எல்லோரும் மேசையைத் தட்டுவார்கள், கூட்டம் முடிந்துவிடும். நோட்டில் தொடங்கிய நேரமும் முடிந்த நேரமும் இருந்தால் ஒரு வகுத்தல் கணக்குப் போட்டுப் பாருங்கள். 60 பொருளுக்கு 30 நிமிடம் என்றால் ஒரு பொருளுக்கு அரை நிமிடம். அந்தக் கூட்டத்தின் 'விவாதித்தனர்' என்ற வரியை அந்த அளவுக்கே நம்பலாம்.

இரண்டாவது, கூட்டத்தன்றே சேர்க்கப்படும் அவசரப் பொருள். சில வேளை அவசரம் உண்மையாகவே இருக்கும், புயலுக்குப் பின் அடைப்பு எடுப்பது போல. ஆனால் 15 நாள் அவகாசம் கொடுத்துக் கோரிய ஒப்பந்தப்புள்ளி திடீரென்று அவசரமாவது எப்படி என்று கேட்க வேண்டும். கூட்ட அழைப்போடு வந்த நிகழ்ச்சி நிரலையும் இறுதிக் குறிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எந்தெந்தப் பொருள் இடையில் நுழைந்தது என்று தெரிந்துவிடும்.

மூன்றாவது, தேதி. முதலில் ஒப்புதல், பிறகு ஒப்பந்தம், பிறகு வேலை உத்தரவு என்பதுதான் வரிசை. குழுவின் ஒப்புதலை எதிர்நோக்கி முன் அனுமதி கொடுத்து வேலையைத் தொடங்கிவிட்டு, பிறகு பின்னேற்புக்கு வைப்பதும் உண்டு. அப்படி வந்தால் உறுப்பினர்கள் 'ஆதரவு' என்று சொல்வதற்குள் கான்கிரீட் இறுகியிருக்கும். வேலை உத்தரவின் தேதி கூட்டத் தேதிக்கு முந்தியதாக இருந்தால், முன் அனுமதி தந்தவர் யார், அவசரத்துக்கு என்ன காரணம் எழுதினார் என்பதைத் தேடுங்கள்.

நான்காவது, அடுத்த கூட்டம். அதன் முதல் பொருளாக முந்தைய கூட்டத்தின் குறிப்பை உறுதி செய்வார்கள். உறுப்பினர் தான் சொன்னது விடுபட்டிருக்கிறது என்றால் எழுந்து கேட்க வேண்டிய இடம் அது. அங்கே திருத்தலாம், முடிவை மாற்றிவிட முடியாது. பலரும் அந்தப் பொருளை வாசிக்காமலே தாண்டிவிடுகிறார்கள். அதற்குப் பிறகு 'நான் அன்றே எதிர்த்தேன்' என்று பத்திரிகைக்குச் சொன்னாலும் நோட்டுதான் நிற்கும். கூட்டம் முடிந்த அன்றே ஆணையருக்கு ஒரு கடிதம் எழுதி, தபால் பிரிவில் முத்திரையோடு நகல் வாங்கி வைத்துக்கொள்ளும் உறுப்பினரின் எதிர்ப்பு எளிதில் காணாமல் போகாது.

நோட்டை நீங்கள் பார்க்க

தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-இன் 4-ஆவது பிரிவு, ஒவ்வொரு பொது அமைப்பும் தன் குழுக்கள் எவை, அவற்றின் கூட்டங்கள் பொதுமக்களுக்குத் திறந்தவையா, கூட்டக் குறிப்பைப் பொதுமக்கள் பார்க்க முடியுமா என்பதைத் தானாகவே வெளியிட வேண்டும் என்கிறது. வெளியிடாவிட்டால் பொதுத் தகவல் அலுவலரிடம் மனுப் போடலாம். 30 நாளில் பதில் வர வேண்டும். ஒப்பந்தம் முடிவாகும்வரை போட்டியாளர்களின் விலை விவரத்தை வணிக இரகசியம் என்று மறுக்க இடம் உண்டு. வேலை கொடுத்த பிறகு அந்தச் சாக்குக்குப் பலம் குறைவு. ஆகவே வேலை உத்தரவு வந்த பிறகு கேளுங்கள். tntenders.gov.in தளத்தில் அறிவிப்பின் தேதியையும் ஒப்பந்தப்புள்ளியின் அடையாள எண்ணையும் எடுத்து மனுவில் குறிப்பிட்டால் 'எந்த வேலை என்று தெளிவாக இல்லை' என்று திருப்பி அனுப்ப முடியாது.

'எல்லா விவரமும் தருக' என்று எழுதாதீர்கள். கூட்டத் தேதியையும் பொருள் எண்ணையும் குறிப்பிட்டு நான்கு தாள்களைக் கேளுங்கள்: அலுவலகக் குறிப்பு, ஒப்புநோக்குப் பட்டியல், வருகைப் பதிவேட்டின் அந்த நாள் பக்கம், உறுப்பினர்கள் எழுத்து மூலம் தந்த ஆட்சேபணைகளோடு கூட்ட நடவடிக்கைக் குறிப்பு. வருகைப் பதிவேட்டில் 7 கையெழுத்து, குறிப்பில் 4 ஆதரவும் 1 எதிர்ப்பும் மட்டும் என்றால் மீதி இருவர் என்ன சொன்னார்கள் என்பது உங்கள் அடுத்த மனு. கணக்கு சரியாக இருந்து, ஒவ்வொரு பெயருக்கும் காரணம் இருந்தால், அந்த வடிகாலைப் பற்றி உங்கள் வார்டு உறுப்பினரிடம் பேசும்போது அவர் அன்று சொன்ன சொல்லையே எடுத்து வைத்துப் பேசலாம்.